கார்டு தோக்குது, வாலெட் ஜெயிக்குது… நிஜமாவே அப்படித்தானா?

"ஆன்லைன்ல பொருள் வாங்கும்போது எதுல பணம் கட்டினா ஃபெயில் ஆகாது?" இந்தக் கேள்வியை நிறைய பேர் கேக்குறாங்க. கேட்ட கையோட பதிலையும் அவங்களே சொல்லிடுறாங்க: "வாலெட்டுதான் பெஸ்ட், கார்டு சொதப்பும், நெட் பேங்கிங் தலைவலி, யு.பி.ஐ. பரவாயில்ல." ஆன்லைன் கடை நடத்துறவங்களும் கிட்டத்தட்ட இதேதான் சொல்றாங்க. அவங்க கையில ஒரு கணக்கும் இருக்கு. நூறு பேர் பணம் கட்ட முயற்சி பண்ணா எத்தனை பேருக்கு முடிஞ்சதுங்கிறதுதான் அந்தக் கணக்கு. அதைத்தான் 'சக்சஸ் ரேட்'னு சொல்றாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்த நம்பர் பொய் இல்ல. ஆனா அதை வச்சு "இது நல்ல வழி, அது மோசமான வழி"னு முடிவு பண்ணறது தப்பு. ஏன்னா அந்த ஒரே நம்பருக்குள்ள மூணு விஷயம் கலந்து கிடக்கு. பணம் எத்தனை பேர் கையைத் தாண்டிப் போகுதுங்கிறது ஒண்ணு. எந்த இடத்துல இருந்து எண்ண ஆரம்பிக்கிறாங்கங்கிறது இன்னொண்ணு. யார், எந்தத் தொகைக்கு, எந்தத் தேதியில அந்த வழியைத் தேர்ந்தெடுக்குறாங்கங்கிறது மூணாவது. இந்த மூணையும் பிரிச்சுப் பார்த்தாத்தான் மாசக் கடைசியில உங்க 6,400 ரூபா அஞ்சு நாள் அந்தரத்துல தொங்காம இருக்கும்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம், முழுக்கக் கற்பனைதான். கோலியனூர் கூட்டுரோடு பக்கத்துல ஒருத்தர் சின்னதா ஜவுளிக்கடை வச்சிருக்கார், ஆன்லைன்லயும் விக்கிறார். நீங்க சென்னையில கிண்டியில வேலை பாக்குறீங்க. அம்மாவுக்கு 6,400 ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வச்சுட்டு, 'பே நவ்' பட்டனை அமுக்குறீங்க. தேதி ஏப்ரல் 28. இந்த ஒரே புடவைக்கு நாலு வழியில பணம் கட்டிப் பார்ப்போம்.

கார்டு: நிறைய கதவு, ஒவ்வொண்ணுலயும் ஒரு வாட்ச்மேன்

கார்டு நம்பரை அடிச்சதும் அது நேரா உங்க பேங்குக்குப் போறதில்ல. முதல்ல கடைக்காரர் வச்சிருக்கிற பேமென்ட் கேட்வேக்குப் போகுது. அங்கிருந்து கடைக்காரர் சார்பா பணம் வாங்கித் தர்ற பேங்க். அதுக்கப்புறம் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி நெட்வொர்க். கடைசியாத்தான் உங்களுக்குக் கார்டு கொடுத்த பேங்க். அந்த பேங்க் "இது நிஜமாவே நீங்கதானா?"னு கேட்டு ஓ.டி.பி. அனுப்புது. அது உங்க மொபைல் கம்பெனி வழியா எஸ்.எம்.எஸ்.ஸா வரணும், நீங்க நேரத்துக்குள்ள அடிக்கணும். அது சரியா இருந்தாத்தான் "கணக்குல பணம் இருக்கா?"ங்கிற கேள்வியே வரும். பதில் அதே வழியில திரும்பி வந்து கடைக்காரரைச் சேரணும்.

இப்போ சின்னதா ஒரு பெருக்கல். ஒவ்வொரு கதவும் நூத்துக்கு 98 தடவை சரியா திறக்குதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். தனித்தனியா பார்த்தா பிரமாதம். ஆனா அஞ்சு கதவை வரிசையா தாண்டணும்னா 98 சதவீதத்தை அஞ்சு தடவை பெருக்கணும். வர்றது சுமார் 90. அதாவது யாருமே பெருசா சொதப்பாமலே நூத்துக்குப் பத்து பேர் வெளியில நிக்கிறாங்க. ரெண்டே கதவு இருந்தா 96 பேர் உள்ள போயிடுவாங்க. வழிகளுக்கு இடையில இருக்கிற வித்தியாசத்துல கணிசமான பங்கு இந்தப் பெருக்கல்தான்.

கார்டுல மட்டும் இருக்கிற ரெண்டு கதவைப் பத்தி தனியா சொல்லணும். முதலாவது, ஆன்லைன் சுவிட்ச். 2020 மார்ச் 16-ல இருந்து ஆர்.பி.ஐ. விதிப்படி, புதுசா வர்ற கார்டு இந்தியாவுல ஏ.டி.எம்.லயும் கடையில தேய்க்கிற மெஷின்லயும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைன்ல பயன்படுத்தணும்னா நீங்களா பேங்க் ஆப்ல போய் அந்த வசதியை ஆன் பண்ணணும். சம்பள அக்கவுன்ட்டோட கொடுத்த டெபிட் கார்டை நிறைய பேர் ஏ.டி.எம்.ல மட்டும்தான் பயன்படுத்தியிருப்பாங்க. ஒரு நாள் ஆன்லைன்ல அடிச்சா "டிக்லைன்டு"னு வரும். கார்டு நெட்வொர்க்குல இந்த மாதிரி அனுமதி இல்லாத முயற்சிக்கு வழக்கமா வர்ற கோடு 57. பேங்க் சர்வர்ல எந்தக் கோளாறும் இல்ல. வாசல் பூட்டியிருக்கு, சாவி உங்க ஆப்லயே இருக்கு.

ரெண்டாவது, ஓ.டி.பி. இது பேங்க், நெட்வொர்க் ரெண்டு பேர் கையிலயும் முழுசா இல்லாத கதவு. 2021 மார்ச் 8-ம் தேதி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஸ்பாம் எஸ்.எம்.எஸ்.ஸைத் தடுக்க, கம்பெனிகள் அனுப்புற ஒவ்வொரு மெசேஜும் முன்கூட்டியே பதிவு பண்ண வாசகத்தோட ஒத்துப்போகணும்னு டிராய் கொண்டுவந்த விதி அன்னைக்கு அமலுக்கு வந்துச்சு. பதிவு சரியா பண்ணாத மெசேஜ் எல்லாம் நின்னுபோச்சு, அதுல ஓ.டி.பி.யும் சேர்த்தி. நாடு முழுக்க கார்டு பேமென்ட், லாகின் எல்லாம் திணறிச்சு. மறுநாளே டிராய் அந்த விதியை ஒரு வாரம் நிறுத்தி வச்சுது. அன்னைக்குக் கார்டோட சக்சஸ் ரேட் விழுந்திருந்தா, அதுக்குக் கார்டு காரணம் இல்ல, எஸ்.எம்.எஸ். காரணம். ஆனா கடைக்காரரோட கணக்குல அது 'கார்டு தோல்வி'ன்னுதான் விழும்.

நெட் பேங்கிங்: கடையை விட்டு வெளியில கூட்டிட்டுப் போற வழி

நெட் பேங்கிங்ல கதவு கம்மி. கேட்வே உங்களை நேரா உங்க பேங்க் சைட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது. ஆனா அங்க போனதும் யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு, அதுக்கு மேல ஓ.டி.பி. மூணு மாசமா பாஸ்வேர்டு போடாதவருக்கு அது ஞாபகத்துல இருக்காது. சில தடவை தப்பா போட்டா லாக் ஆயிடும். தேடிட்டு வர்றதுக்குள்ள செஷன் முடிஞ்சிடும். நிறைய பேர் அங்கயே மூடிட்டுப் போயிடுறாங்க. கடைக்காரர் பக்கம் பார்த்தா பதிலே வராத முயற்சியா அது நிக்கும், தோல்வியாவே எண்ணப்படும்.

இன்னொரு விஷயம். நெட் பேங்கிங்குக்கு கேட்வே ஒவ்வொரு பேங்கோடயும் தனித்தனியா இணைப்பு வைக்கணும். பெரிய பேங்குக்கு நல்லா வச்சிருப்பாங்க. கிளைகள் கம்மியா உள்ள பேங்க், கிராம வங்கி எல்லாம் லிஸ்ட்டுல இல்லாமலே இருக்கலாம். நம்ம விழுப்புரம் பக்கம் முன்னாடி பல்லவன் கிராம வங்கியா இருந்தது, 2019 ஏப்ரல் 1-ல பாண்டியன் கிராம வங்கியோட சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கியா ஆச்சு. இந்த மாதிரி பேங்க் இணையும்போது பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடு, பழைய லாகின் எல்லாமே மாறலாம். அந்த மாற்றம் நடக்கிற மாசங்கள்ல, பழைய விவரத்தைச் சேமிச்சு வச்சிருக்கிறவங்களுக்கு ஃபெயிலியர் வரத்தான் செய்யும்.

"அப்போ கடைக்காரரோட அக்கவுன்ட்டுக்கு நேரா நெஃப்ட் போட்டுடலாமே?"னு கேப்பீங்க. போடலாம். 2019 டிசம்பர் 16-ல இருந்து அது 24 மணி நேரமும் வேலை செய்யுது. பணமும் பெரும்பாலும் போய்ச் சேரும். ஆனா நெஃப்ட் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தமா அள்ளி அனுப்புற முறை. அதுவரைக்கும் கடையோட சைட்டுக்கு நீங்க கட்டினது தெரியாது. இந்த ஆர்டருக்குத்தான் இந்தப் பணம்னு அப்புறம் யாராவது பொருத்தியும் பார்க்கணும். அதனால பணம் போறதுல இது நம்பகமானது, ஆர்டர் உறுதியாகுறதுல மெதுவானது. இந்த ரெண்டும் வேற வேறங்கிறதை மனசுல வச்சுக்கோங்க.

யு.பி.ஐ.: உங்க தப்பா, அவங்க தப்பான்னு பிரிச்சுச் சொல்ற இடம்

யு.பி.ஐ.யும் பேங்க்ல இருந்து பேங்குக்குப் போற பணம்தான். ஆனா இதுல ஓ.டி.பி. இல்ல. உங்க போன், அதுல இருக்கிற சிம், பின் நம்பர் போதும். ஒரு கதவு குறைஞ்சுது. அதுக்காக சங்கிலி சின்னதுன்னு நினைக்காதீங்க. உங்க ஆப், அந்த ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற பேங்க், நடுவுல என்.பி.சி.ஐ., உங்க பணம் இருக்கிற பேங்க், கடைக்காரரோட பேங்க். இத்தனை பேரும் ஒரே நேரத்துல விழிச்சிருக்கணும்.

'ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற பேங்க்'னா என்னன்னு 2020 மார்ச் 5 ராத்திரி நிறைய பேருக்குப் புரிஞ்சுது. அன்னைக்குத்தான் யெஸ் பேங்க் மேல ஆர்.பி.ஐ. கட்டுப்பாடு போட்டுச்சு. போன்பே அப்போ யெஸ் பேங்க் வழியாத்தான் யு.பி.ஐ.யில இணைஞ்சிருந்தது. விளைவு, யெஸ் பேங்க்ல அக்கவுன்ட்டே இல்லாதவங்களுக்கும் போன்பேல பணம் போகல. வேற பேங்க் வழியா மாத்தி இணைச்ச பிறகுதான் திரும்ப ஓடிச்சு. அதே ராத்திரி, அதே ஆளு, அதே சம்பள அக்கவுன்ட்டை வேற பேங்கோட இணைஞ்ச ஆப்ல வச்சிருந்தா பணம் போயிருக்கும். அதனாலதான் போன்ல ரெண்டாவது யு.பி.ஐ. ஆப் ஒண்ணு இருக்கணும்னு நான் சொல்றேன். அது வேற பேங்கோட இணைஞ்சதா இருந்தாத்தான் பிரயோஜனம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். என்.பி.சி.ஐ. மாசாமாசம் பேங்க் வாரியா ஒரு பட்டியல் வெளியிடுது. அதுல தோல்வியை ரெண்டா பிரிச்சிருக்காங்க. ஒண்ணு 'டெக்னிக்கல் டிக்லைன்': பேங்க் சர்வர் கிடைக்கல, நெட்வொர்க் அறுந்துபோச்சு மாதிரி. இன்னொண்ணு 'பிசினஸ் டிக்லைன்': பின் தப்பு, பணம் இல்ல, லிமிட் தாண்டிடுச்சு மாதிரி, அதாவது வாடிக்கையாளர் பக்கத்துக் காரணம். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்க. பல பேங்க்ல டெக்னிக்கல் டிக்லைன் ஒரு சதவீதத்துக்கும் கீழ இருக்கும். பிசினஸ் டிக்லைன் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆக, "சர்வர் டவுன்"னு நாம சாதாரணமா சொல்ற தோல்வியில பெரும்பாலானதுல சர்வர் ஒழுங்காத்தான் இருக்கு.

நம்ம புடவைக்கே வருவோம். நீங்க நேத்துதான் புது ஆப்ல யு.பி.ஐ. போட்டீங்கன்னா, முதல் 24 மணி நேரத்துக்கு வழக்கமா 5,000 ரூபா வரைதான் அனுப்ப முடியும். 6,400 போகாது. நாளைக்கு இதே நேரம் போகும். இதை 'யு.பி.ஐ. சொதப்பல்'னு எண்ணினா நியாயமா?

யு.பி.ஐ.குள்ளேயே இன்னொரு வித்தியாசமும் இருந்துச்சு. கடையில உங்க யு.பி.ஐ. ஐ.டி.யை டைப் பண்ணி, அப்புறம் ஆப்ல வர்ற கோரிக்கையைத் தேடிப் போய் ஒப்புக்கொள்ற முறை ஒண்ணு இருந்துச்சு. ஐ.டி.யில ஒரு எழுத்து தப்பினாலும் போச்சு, நோட்டிஃபிகேஷன் லேட்டா வந்தாலும் போச்சு. நேரம் முடிஞ்சா U69-னு கோடு வரும், கோரிக்கை காலாவதின்னு அர்த்தம். பட்டனை அமுக்கினதும் ஆப் தானா திறந்து, தொகையும் பேரும் நிரம்பி வந்து, பின் மட்டும் கேக்கிற முறை இன்னொண்ணு. ரெண்டாவதுல தப்பு நடக்க இடம் கம்மி. ஒரே யு.பி.ஐ.தான், ஆனா கடைக்காரர் எதை வச்சிருந்தாருங்கிறதைப் பொறுத்து சக்சஸ் ரேட் மாறிச்சு.

வாலெட்: தோல்வியை வேற இடத்துல ஒளிச்சு வச்ச வழி

கடைசியா வாலெட். பணம் ஏற்கெனவே வாலெட் கம்பெனி கணக்குல இருக்கு. 6,400-ஐ உங்க பேர்ல கழிச்சு, கடைக்காரர் பேர்ல ஏத்தணும். கிட்டத்தட்ட ஒரே கதவு. உங்க பேங்க் சர்வர் தூங்கினாலும் கவலை இல்ல. அதனாலதான் வாலெட்டோட நம்பர் எப்பவும் அழகா இருக்கு.

ஆனா ஒரு கேள்வி கேளுங்க: வாலெட்டுக்குள்ள அந்தப் பணம் எப்படி வந்துச்சு? போன வாரம் நீங்கதான் கார்டுல இருந்தோ யு.பி.ஐ.ல இருந்தோ ஏத்துனீங்க. அப்போ ஓ.டி.பி. வராம ரெண்டு தடவை ஃபெயில் ஆகியிருக்கலாம். அந்தத் தோல்வி புடவைக் கடைக்காரர் கணக்குல வராது, வாலெட் கம்பெனி கணக்குல போயிடும். கடைக்காரர் பார்க்கிறது, எல்லாக் கதவையும் ஏற்கெனவே தாண்டி வந்து நிக்கிறவங்களை மட்டும். பாஸ் ஆனவங்களை மட்டும் கூப்பிட்டு பரீட்சை வச்சா மார்க் நல்லாத்தானே வரும்?

இதுக்கு நல்ல சாட்சி 2024. பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மேல ஜனவரி 31-ம் தேதி ஆர்.பி.ஐ. கட்டுப்பாடு அறிவிச்சுது. மார்ச் 15-க்கு அப்புறம் அந்த வாலெட்டுல புதுசா பணம் ஏத்த முடியாது, ஏற்கெனவே இருக்கிற பணத்தைச் செலவு பண்ணலாம்னு நிலைமை ஆச்சு. யோசிச்சுப் பாருங்க, அந்த நிலைமையில ஒரு கடை தன் கணக்கைப் பார்த்தா, உள்ள இருக்கிற பணத்தைச் செலவு பண்ணறவங்களுக்கு வாலெட் அருமையா வேலை செய்யுதுன்னுதான் தெரியும். ஏத்தற கதவு முழுசா மூடியிருக்கிறது அந்த நம்பர்ல தெரியவே தெரியாது.

வாலெட்டுக்கு இன்னொரு எல்லை, தொகை. முழு கே.ஒய்.சி. பண்ணாத சின்ன வாலெட்டுல 10,000 ரூபாய்க்கு மேல வச்சிருக்கவே முடியாது. பெரும்பாலும் நாம அதுல ஐநூறு, ஆயிரம்தான் போட்டு வைப்போம். யு.பி.ஐ. லைட்டும் இதே வகைதான். பின் கேக்காது, பட்டுனு போகும், ஆனா ஒரு தடவைக்கு 1,000 ரூபா வரைதான். 6,400 ரூபா புடவைக்கு அது பேச்சே இல்ல.

அப்போ அந்த நம்பரை எப்படிப் படிக்கிறது?

மூணாவது விஷயம் இங்கதான் வருது: யார், எவ்வளவுக்கு. நம்ம கற்பனைக் கடைக்காரரோட ஒரு மாசக் கணக்கை எடுத்துக்குவோம், நம்பரும் கற்பனைதான். வாலெட்டுல 100 பேர் முயற்சி பண்ணாங்க, 94 பேருக்கு முடிஞ்சுது. கார்டுல 100 பேர், 87 பேருக்கு முடிஞ்சுது. பார்த்த உடனே வாலெட் ஜெயிச்ச மாதிரி இருக்கும்.

இப்போ தொகை வாரியா பிரிப்போம். வாலெட்டுல வந்த 100 பேர்ல 90 பேர் கர்ச்சீப், துண்டு மாதிரி சின்ன ஆர்டர். அதுல 88 முடிஞ்சுது. பத்தே பேர்தான் புடவை வாங்க வந்தாங்க, 6 பேருக்கு முடிஞ்சுது. கார்டுல 20 பேர் சின்ன ஆர்டர், 19 முடிஞ்சுது. 80 பேர் புடவை, 68 முடிஞ்சுது. புடவையை மட்டும் பார்த்தா வாலெட் நூத்துக்கு 60, கார்டு நூத்துக்கு 85. மொத்தத்துல தோத்த கார்டுதான் உங்க 6,400 ரூபாய்க்கு நல்ல வழி. மொத்த நம்பரை நம்பி கடைக்காரர் கார்டைக் கீழ தள்ளி வாலெட்டை மேல வச்சார்னா, புடவை வாங்க வந்தவங்களைத்தான் திருப்பி அனுப்புவார்.

தேதியும் இதே வேலையைச் செய்யும். சம்பளம் வந்த ரெண்டாம் தேதி போகிற டெபிட் கார்டு 28-ம் தேதி தோக்கும். கார்டு மாறல, பேலன்ஸ் மாறிடுச்சு. கார்டுல அதுக்கு வர்ற கோடு 51, யு.பி.ஐ.ல Z9. கிரெடிட் கார்டு வச்சிருக்கிறவருக்கு லிமிட் மிச்சம் இருந்தா மாசக் கடைசியிலயும் போகும். அதுக்காக "கிரெடிட் கார்டுதான் நம்பகமானது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. கடன் வாங்கிக் கட்டறதால போகுது, அவ்வளவுதான்.

ஃபெயில் ஆச்சு. இப்போ என்ன பண்ணறது?

முதல்ல, அதே பட்டனைத் திரும்ப அமுக்காதீங்க. காரணத்தைப் பாருங்க. பின் தப்பு, பணம் இல்ல, லிமிட், ஆன்லைன் ஆஃப்னு வந்தா பத்து தடவை அடிச்சாலும் அதேதான் வரும், காரணத்தைச் சரி பண்ணணும். கார்டுல 91-னு வந்தா உங்க பேங்க் பதில் சொல்ற நிலையில இல்லன்னு அர்த்தம். அப்போ அதே பேங்க்ல இருக்கிற நெட் பேங்கிங்கையோ யு.பி.ஐ.யையோ முயற்சி பண்ணறதுல பெரிய பலன் இருக்காது. வேற பேங்க் அக்கவுன்ட்டுக்கு மாறுங்க. ஓ.டி.பி. வரலைன்னா யு.பி.ஐ.க்கு மாறுங்க, அதுக்கு எஸ்.எம்.எஸ். வேண்டாம். எந்தக் கதவு மூடியிருக்கோ, அந்தக் கதவு இல்லாத வழியைத் தேர்ந்தெடுக்கணும்.

ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது 'பென்டிங்'. கடை "ஃபெயில்டு"ன்னு சொல்லும், பேங்க்ல இருந்து "6,400 எடுத்தாச்சு"ன்னு மெசேஜ் வரும். போற வழி எல்லாம் திறந்திருந்து, திரும்பி வர்ற பதில் மட்டும் தொலைஞ்ச கேஸ் இது. உடனே இன்னொரு தடவை கட்டினா 12,800 போயிடும், மாசக் கடைசியில அது பெரிய அடி. ஆப்ல ஸ்டேட்டஸ் பாருங்க, 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பரை எடுத்து வைங்க, கடைக்காரர்கிட்ட பணம் வந்துச்சான்னு கேளுங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது முயற்சி.

பணம் திரும்பி வர்றதுக்கு விதி இருக்கு. 2019 செப்டம்பர் 20-ம் தேதி ஆர்.பி.ஐ. போட்ட சுற்றறிக்கைப்படி, கார்டுல ஆன்லைன்ல கட்டினதோ, யு.பி.ஐ.ல கடைக்குக் கட்டினதோ, உங்க கணக்குல கழிஞ்சு கடைக்கு உறுதி போகலைன்னா, அஞ்சு நாளைக்குள்ள தானா திரும்ப வரணும். 'டி+5'னு சொல்வாங்க, டி-ங்கிறது பணம் கட்டின தேதி, அது காலண்டர் தேதி. தாண்டினா நாளைக்கு 100 ரூபா நஷ்டஈடு, அதுவும் நீங்க புகார் கொடுக்காமலே தரணும். அதே வாலெட்டுக்குள்ள நடந்ததுன்னா ஒரு நாள்தான் கெடு.

நம்ம கேஸ்ல ஏப்ரல் 28 கூட அஞ்சு நாள், மே 3. பணம் மே 9-ல வந்துச்சுன்னா ஆறு நாள் தாமதம், 600 ரூபா சேர்த்து வரணும். வரலைன்னா பேங்க்ல எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல பதில் வரல, இல்ல பதில் திருப்தியா இல்லைன்னா cms.rbi.org.in-ல ஆர்.பி.ஐ. ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. ஒண்ணு மட்டும் கவனிங்க: கடைக்குப் பணம் போய்ச் சேர்ந்து, அப்புறம் கடையே ஆர்டரை கேன்சல் பண்ணா அது ரீஃபண்ட். அதுக்கு இந்த அஞ்சு நாள் கணக்கு பொருந்தாது.

கடைசியா, என் கோரிக்கை கடைக்காரங்களுக்கும் கேட்வே கம்பெனிகளுக்கும்தான். "சம்திங் வென்ட் ராங், ட்ரை அகெய்ன்"னு ஒரு வரியைப் போட்டுட்டு, உள்ள மட்டும் 51, 57, 91-னு காரணத்தை வச்சுக்கிறது நியாயம் இல்ல. காரணம் தெரியாத ஆளுதான் திரும்பத் திரும்ப பட்டனை அமுக்குறார், ரெண்டு தடவை பணத்தை விடறார். "உங்க கார்டுல ஆன்லைன் வசதி ஆஃப்ல இருக்கு", "உங்க பேங்க் இப்போ பதில் சொல்லல, வேற பேங்க் முயற்சி பண்ணுங்க", "இன்னைக்கு லிமிட் முடிஞ்சுது"ன்னு தமிழ்ல ஒரு வரி போட்டாப் போதும். தோல்வியை உங்க பக்கம், எங்க பக்கம்னு பிரிச்சு யு.பி.ஐ. மாசாமாசம் ஊருக்கே காட்டுது. அதைப் பணம் கட்ட வந்தவர் ஸ்கிரீன்ல காட்ட ஒரு கடையால முடியாதா?